அப்பத்தா வீட்டு வளவில் மழை

எட்டாம் வகுப்பு, தமிழ்க் கட்டுரை நோட்டு. கொடுத்த பொருள்: ஐம்புலன்களாலும் உணர்ந்த ஓர் இடம்.

டீச்சர், ஒரு பத்தி போதும் என்று சொன்னீர்கள், எனக்கு ஒரு பத்தியில் அடங்கவில்லை.

போன ஐப்பசியில் தீபாவளி லீவுக்குக் கானாடுகாத்தான் போயிருந்தோம். மத்தியானம் மூன்று மணி இருக்கும், வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அப்பத்தா திடீரென்று தலையைத் தூக்கி, "ஆத்தா, கொடியில கெடக்குற துணிய எடுத்துரு, மழை வருது" என்றார். நான் மேலே பார்த்தேன், சுள்ளென்று வெயில்தான் அடித்தது. அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, எதிரில் நிற்பது நானா தம்பியா என்பதையே குரலை வைத்துத்தான் சொல்வார், அவருக்கு எப்படி மழை தெரிந்தது என்று கேட்டால், "ஊரணிப் பக்கத்துக் காத்து ஆத்தா, சேத்து வாடை வரலையா ஒனக்கு?" என்கிறார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன், எனக்குப் பூண்டு வாடைதான் வந்தது. சரி என்று கொடியில் இருந்து கடைசித் துண்டை உருவும்போது பிடரியில் ஒரு துளி விழுந்தது, ஐஸ் மாதிரி.

மதுரையில் எங்கள் பிளாட்டில் மழை பெய்தால் ஜன்னலைச் சாத்துவோம், அவ்வளவுதான். இங்கே மழை வீட்டுக்குள்ளேயே வந்து விழும். அப்பத்தா வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், முகப்பைத் தாண்டி உள்ளே போனால் நடுவில் வானம் பார்த்த பெரிய முற்றம் இருக்கும், அதுதான் வளவு. சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் ஒவ்வொரு பங்காளிக்கும் ஒவ்வொரு அறை, இப்போது அதில் பாதி பூட்டித்தான் கிடக்கிறது. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் உள்பக்கமாகவே சாய்ந்திருப்பதால் கூரையில் விழுகிற தண்ணீர் மொத்தமும் வளவுக்குத்தான் வந்தாக வேண்டும்.

முதலில் ஓட்டின் மேல் தனித்தனியாகக் கேட்டது, எண்ணெயில் கடுகு ஒன்றிரண்டாக வெடிக்க ஆரம்பிக்குமே அந்த மாதிரி. அப்புறம் எண்ண முடியவில்லை. சூடான ஓட்டில் தண்ணீர் பட்டதும் ஒரு வாடை கிளம்பியது பாருங்கள், புதுப் பானையில் முதல் தடவை தண்ணீர் ஊற்றினால் வருமே, அதே வாடை, ஆனால் வீடு முழுக்க. நாலு மூலைக் குழாயிலும் தண்ணீர் இறங்கியது. "மூலையில அண்டாவக் கொண்டாந்து வையி" என்று அப்பத்தா சத்தம் போட்டார், மழைச் சத்தத்தில் அவர் குரலே பாதிதான் கேட்டது. பித்தளை அண்டாவை நானும் தம்பியும் கல்தரையில் இழுத்தோம், அந்தக் கறகற சத்தத்தில் பல் கூசியது. வெறும் அண்டாவுக்குள் தண்ணீர் விழுந்ததும் கோயில் மணி மாதிரி டங்ங்ங் என்று அதிர்ந்தது, விளிம்பில் கை வைத்திருந்ததால் அந்த அதிர்வு முழங்கை வரைக்கும் ஏறியது. ஒரு சாண் நிறைந்ததும் மணிச் சத்தம் செத்துப்போய் தொபதொபவென்று கட்டைக் குரலாகிவிட்டது. நிறைய நிறைய அந்தக் குரல் மெலிந்து மேலே ஏறியது. தூணடியில் இருந்த இடத்தை விட்டு அசையாமலே அப்பத்தா, "கழுத்துக்கு வந்துருச்சு, அடுத்தத வையி" என்றார். குனிந்து பார்த்தேன், தண்ணீர் சரியாக அண்டாவின் கழுத்தில் நின்றது.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. அடுத்த அண்டாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் வைத்து, "இப்ப!" என்றேன். பார்த்தால் இன்னும் நாலு விரல் குறைவு. "அவசரப்படாத, சத்தம் மெலிஞ்சு வர்றப்பத்தான்" என்றார் அப்பத்தா.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மேகம் மூடியிருந்ததால் தூண்களுக்குப் பின்னால் எல்லாம் கருகும்மென்று ஆகிவிட்டது. அடுப்படியில் போய்த் தீப்பெட்டி எடுத்து வரச் சொன்னார். இருட்டாக இருக்கிறதே என்றேன். "கண்ணு தேடுனாத்தான் இருட்டு. மூடிக்கிட்டுப் போ, காலு சொல்லும்" என்றார். உண்மையிலேயே மூடிக்கொண்டுதான் போனேன்.

முதலில் வளவு விளிம்புக் கல், சொரசொரவென்று, ஈரத்தில் உள்ளங்காலில் இருந்து ஜில்லென்று ஏறியது. ஒரு படி ஏறியதும் ஆத்தங்குடிக் கல் வந்துவிட்டது, வாழை இலையில் கால் வைத்த மாதிரி வழுவழுப்பு. அதில் பச்சையும் சிவப்புமாகப் பூ போட்டிருக்கும், பகலில் அந்தப் பூவின் மேலேயே தாண்டித் தாண்டி விளையாடுவோம், காலுக்கு அந்தப் பூ எதுவுமே தெரியவில்லை, எல்லாம் ஒரே மழமழப்புதான். ஏன் என்று எனக்குத் தெரியும், அப்பா ஒரு தடவை ஆத்தங்குடியில் இந்தக் கல் செய்கிற பட்டறைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, கலர் சிமெண்ட்டைக் கரண்டியால் பூப்பூவாக ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்ட்டும் போட்டு அமுக்குவார்கள், சுடவே மாட்டார்கள், தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுக் காயவைப்பதோடு சரி. கண்ணாடியைப் பிரித்ததும் கண்ணாடியின் பளபளப்பு கல்லுக்கு வந்திருக்கும். அந்தக் கண்ணாடியைத்தான் என் கால் தடவிக்கொண்டு போனது.

இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டேன். சுண்ணாம்பில் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பூசின சுவர், தொட்டால் அவித்த முட்டையை உரித்துத் தொட்ட மாதிரியே இருக்கும், ஆனால் மண்பானை போலக் குளிர்ச்சி. அப்புறம் கை ஒரு தூணில் முட்டியது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு. கல், சுவர், காற்று என்று எல்லாமே குளிர்ந்து கிடந்த அந்த நேரத்தில் மரம் மட்டும் வெதுவெதுப்பாக, காய்ந்து இருந்தது, ஒரு ஆள் நிற்கிற மாதிரி. என் இடுப்பு உயரத்தில் லேசாக ஒரு பள்ளம், கட்டைவிரல் சரியாகப் போய் அதில் உட்கார்ந்தது. இரண்டாங்கட்டுக்குள் போகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் கை ஊன்றித் திரும்புவார்கள். கண் திறந்து நடந்த இத்தனை லீவிலும் நான் அந்தப் பள்ளத்தைப் பார்த்ததே இல்லை.

நிலைப்படி தாண்டியதும் வாடை மாறியது. பூட்டின அறைக் கதவிடுக்கு வழியாக அந்துருண்டையும் பழைய கணக்குப் பேப்பரும் சேர்ந்த ஒரு வாடை, தும்மல் வந்தது. நாலு எட்டு வைத்ததும் பெருங்காயம், காய்ந்த மிளகாய், என்றைக்கோ எரிந்த விறகுப் புகை. கை சுவரைத் தொடுவதற்கு முன்னாலேயே அடுப்படிக்கு வந்துவிட்டேன் என்று மூக்கு சொல்லிவிட்டது. தீப்பெட்டி அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

விளக்கு ஏற்றியதும் சித்தி வாணலியை வைத்தார். வெள்ளைப் பணியாரம்! ஆழாக்கு நிறையப் பச்சரிசி அளந்து, அந்த அரிசி மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் கொட்டி நிற்கிற அளவு, அதுதான் கணக்கு என்று அப்பத்தா சொல்வார். அரைத்த மாவில் கொஞ்சம் பால், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. ஒரு கரண்டி மாவை எண்ணெயில் ஊற்றினால் அடியில் போய் ஒரு நொடி பேசாமல் கிடக்கும், அப்புறம் சொய்ங் என்று மேலே வந்து, ஓரம் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி விட்டு, நடுவில் பூரித்துக்கொண்டு நிற்கும். சிவக்கவே கூடாது, வெள்ளையாகவே எடுத்துவிட வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் நிறம் தெரியாததால் சித்தி ஒவ்வொன்றையும் விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்துப் பார்த்து எடுத்தார். தட்டில் விழுந்த முதல் பணியாரத்தைப் பிட்டால் ஓரம் மட்டும் மொறுக்கென்றது, நடுவில் பஞ்சு, உள்ளே இருந்த ஆவி விரலைச் சுட்டது. அதை வரமிளகாய்த் துவையலில் தோய்த்து வாயில் போட்டேன். முதலில் பாலும் உளுந்தும் சேர்ந்த லேசான இனிப்பு, அதற்குப் பின்னாலேயே புளி, அப்புறம் பூண்டு, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது மிளகாய் நாக்கின் ஓரத்தில் இருந்து கிளம்பிக் காதுக்குப் போகும். கண்ணில் தண்ணீர். மழைத் தண்ணீர் ஒரு டம்ளர் மொண்டு குடித்தேன், அதற்கு ருசியே இல்லை, கொஞ்சம் ஓட்டு வாடை மட்டும். காரத்துக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை.

நாங்கள் தட்டோடு வளவுக்குத் திரும்பியபோது மழை விட்டிருந்தது. மேகம் விலகிச் சாயங்கால வெயில் மேற்குப் பக்கத்து ஜன்னலின் கலர்க் கண்ணாடி வழியாக உள்ளே விழுந்ததில் ஈரத் தரையில் ஒரு நீலக் கட்டமும் ஒரு மஞ்சள் கட்டமும் கிடந்தன. தம்பி மஞ்சளில் போய் நின்றான், அவன் கால் மட்டும் மாம்பழ நிறமாகிவிட்டது. ஓட்டு நுனிகளில் துளிகள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றின் உள்ளேயும் குட்டியாகத் தலைகீழாக ஒரு வானம். ஊரணிப் பக்கம் தவளைகள் ஆரம்பித்துவிட்டன. அப்பத்தா என் கன்னத்தைத் தடவி, "குளுந்து கெடக்குற, தலையத் தொவட்டு" என்றார், அவர் விரலில் இன்னும் பூண்டு வாடை இருந்தது.

நான் பணியாரத் தட்டை அவர் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். கடைசி மூலையில் மட்டும் ஒரு குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. டொக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டொக். சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. அப்புறம் சொட்டுச் சத்தமே கேட்கவில்லை, தரையில் தண்ணீர் வழிகிற சத்தம் மட்டும் மெதுவாகக் கேட்டது.

"அது நெறஞ்சிருச்சு அப்பத்தா" என்றேன்.

"ஆமா" என்றார் அப்பத்தா, பணியாரத்தை மென்றுகொண்டே.