முல்லை மகளிர் சுய உதவிக் குழு: 2025–26 வரவு செலவுத் திட்டம்

பரமக்குடி வட்டம், இராமநாதபுரம் மாவட்டம். உறுப்பினர்கள் 14 பேர். கணக்கு ஆண்டு 1 ஏப்ரல் 2025 முதல் 31 மார்ச் 2026 வரை. கூட்டம் மாதம் இரு முறை. 10ஆம் தேதிக் கூட்டத்தில் புதுக் கடன் வழங்குவோம். 25ஆம் தேதிக் கூட்டத்தில் சேமிப்பும் தவணையும் வசூலிப்போம். வங்கித் தவணை 28ஆம் தேதி போகும்.

ஆண்டுத் தொடக்க நிலை

வங்கிக் கணக்கில் ₹79,200, கையில் ரொக்கம் ₹800, ஆக ₹80,000. சொந்த நிதியிலிருந்து கொடுத்த உள்கடனில் நிலுவை ₹1,50,000. இரண்டும் சேர்ந்த ₹2,30,000 வந்த வழி: உறுப்பினர் சேமிப்பு ₹1,68,000 (தலைக்கு ₹12,000), சுழல் நிதி ₹15,000, இதுவரை சேர்ந்த வட்டி உபரி ₹47,000.

வங்கியில் வாங்கிய ₹3,00,000 கடனை 10 உறுப்பினர்களுக்குத் தலைக்கு ₹30,000 வீதம் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். அதில் ₹60,000 அடைந்துவிட்டது. வங்கிக்கு நாம் தர வேண்டியது ₹2,40,000. உறுப்பினர்கள் நமக்குத் தர வேண்டியதும் அதே தொகைதான். இந்த இரண்டு எண்களும் மாதா மாதம் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத மாதத்தில் யாரோ ஒருவருடைய தவணை நிற்கிறது, அல்லது பதிவேட்டில் அசலும் வட்டியும் இடம் மாறி எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும்.

குழு நிதி: வரவு

| இனம் | ₹ |
|---|---|
| தொடக்க இருப்பு | 80,000 |
| சேமிப்பு (14 பேர் × ₹300 × 12) | 50,400 |
| வங்கிக் கடன் பெற்றவர்களிடம் அசல் | 1,20,000 |
| அதற்கு வட்டி (மாதம் 1%) | 22,200 |
| பழைய உள்கடன் அசல் | 96,000 |
| புதிய உள்கடன் அசல் | 1,02,000 |
| பொடித் தொழில் கடன் அசல் | 65,000 |
| உள்கடன், தொழில் கடன் வட்டி | 23,025 |
| வங்கி தரும் சேமிப்பு வட்டி | 1,500 |
| மொத்தம் | 5,60,125 |

குழு நிதி: செலவு

| இனம் | ₹ |
|---|---|
| வங்கிக்கு அசல் (₹10,000 × 12) | 1,20,000 |
| வங்கிக்கு வட்டி (ஆண்டுக்கு 7%, குறையும் நிலுவைக்கு) | 12,950 |
| பொடித் தொழிலுக்குக் கடன் | 65,000 |
| உறுப்பினர்களுக்குப் புதிய உள்கடன் | 2,40,000 |
| நிர்வாகச் செலவு | 10,800 |
| மொத்தம் | 4,48,750 |
| இறுதி இருப்பு, 31 மார்ச் 2026 | 1,11,375 |

இறுதி இருப்பைப் பார்த்து லாபம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த ஏப்ரலில் மிளகாய் வாங்கவே அதில் பாதிக்கு மேல் போய்விடும். உண்மையான உபரி வேறு கணக்கு: வட்டி வரவு ₹46,725. அதில் வங்கி வட்டி ₹12,950, நிர்வாகம் ₹10,800 கழித்தால் ₹22,975. தேங்கி நிற்கும் பழைய கடனுக்காக ₹7,000 ஒதுக்கியபின் ₹15,975. இந்த ஆண்டு இது பங்கிடப்படாது, கடன் நிதியிலேயே இருக்கும்.

வரவை எப்படிப் போட்டோம்

சேமிப்பு மாதம் ₹200ஆக இருந்ததை ஏப்ரல் முதல் ₹300ஆக உயர்த்தியிருக்கிறோம். தாமத அபராதத்தை வரவில் சேர்க்கவில்லை. அபராதத்தை நம்பி வரவு போட்டால் தாமதத்தை எதிர்பார்த்துத் திட்டம் போடுவதாகிவிடும்.

பழைய உள்கடனில் மாதம் ₹9,000 அசல் வர வேண்டும். இரண்டு உறுப்பினர்கள் பேரில் ₹14,000 நான்கு மாதமாகத் தேங்கியிருப்பதால் மாதம் ₹8,000 மட்டுமே வரும் என்று போட்டிருக்கிறோம். வந்தால் நல்லது, ஆனால் வருவதற்கு முன் அதைக் கடனாகக் கொடுக்கக் கூடாது. அவர்கள் இருவருக்கும் புதுக் கடன் கிடையாது. தவணையைப் பாதியாக்கிக் கால நீட்டிப்புக் கேட்டால் கூட்டத்தில் தீர்மானம் எழுதித் தரலாம். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்து "முடிந்தது" என்று காட்டுவது இந்தக் குழுவில் செல்லாது.

வங்கிக்கு 7% கட்டி உறுப்பினரிடம் 12% வாங்குவது ஏன் என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. வித்தியாசம் ₹9,250. நிர்வாகச் செலவு ₹10,800. அந்த வித்தியாசம் இல்லாவிட்டால் பதிவேட்டுக்கும் பேருந்துக்கும் உள்கடன் வட்டியிலிருந்து எடுக்க வேண்டி வரும்.

வங்கித் தவணையும் காப்பு இருப்பும்

ஏப்ரலில் வங்கிக்கு ₹11,400 (அசல் ₹10,000, வட்டி ₹1,400). அந்த மாதம் ஓர் உறுப்பினர் கட்ட வேண்டியது ₹1,240. பத்துப் பேரும் கட்டினால் ₹12,400. ஒருவர் நின்றாலும் ₹11,160தான் சேரும், வங்கிக்கு ₹240 குறையும். இருவர் நின்றால் ₹1,480 குறையும். ஆகவே எந்த நாளிலும் கணக்கில் ஒரு தவணைக்குக் குறையாமல், அதாவது ₹11,400, காப்பு இருப்பு இருக்கும். இதைத் தொட மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள், அதாவது 10 பேர், கையெழுத்திட்ட தீர்மானம் வேண்டும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வங்கி நம் கணக்கை வாராக் கடனில் சேர்த்துவிடும். அடுத்த முறை கடன் கேட்டுப் போனால் மேலாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உறுப்பினர் இறந்தால் கடன் குடும்பத்தின் தலையில் விழாமலிருக்க, 18 முதல் 50 வயதுக்குள் உள்ள எல்லோரும் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் (ஆண்டுக்கு ₹436) சேர்ந்திருக்க வேண்டும். விபத்துக் காப்பீடு ₹20 தனி. இரண்டும் உறுப்பினரின் சொந்தக் கணக்கில் மே மாதக் கடைசியில் பிடிக்கப்படும், குழுச் செலவில் வராது. அந்த நேரம் கணக்கில் ₹500 இருக்கிறதா என்று 10 மே கூட்டத்தில் பாஸ்புக்கைக் காட்ட வேண்டும். பணம் இல்லாமல் காப்பீடு அறுந்துபோவதுதான் வழக்கமாக நடக்கிறது.

உள்கடன் எந்த மாதம் எவ்வளவு

ஜூன் ₹30,000 (பள்ளிச் செலவு), செப்டம்பர் ₹50,000 (விதைப்பு), அக்டோபர் ₹40,000 (தீபாவளி), டிசம்பர் ₹40,000, ஜனவரி ₹50,000, பிப்ரவரி ₹30,000. அனைத்தும் 10 தவணை, மாதம் 1% வட்டி. முதல் தவணை கடன் கொடுத்த அடுத்த மாதம்.

நெருக்கடி ஜூனிலும் அக்டோபரிலும். 10 ஏப்ரல் அன்று தொழில் கடன் ₹65,000 போனதும் கையிருப்பு ₹15,000. மே முடிவில் அது ₹42,000 அளவுக்கு ஏறும். ஜூனில் ₹30,000 கொடுத்தால் மிஞ்சுவது சுமார் ₹12,000, காப்பு இருப்புக்குச் சற்று மேல். ஜூனில் ஒருவருக்குக் கூடுதலாக ₹5,000 கொடுத்தாலும் காப்பு உடையும். அக்டோபரிலும் அதே கதை, மிஞ்சுவது சுமார் ₹13,000. எனவே இந்த இரு மாதங்களில் தலைக்கு ₹10,000க்கு மேல் கடன் இல்லை. கேட்பவர் கூடினால் பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவத்துக்கும் முன்னுரிமை. ஏப்ரல், மே மாதங்களில் உள்கடனே இல்லை.

பொடித் தொழில்

ஐந்து உறுப்பினர்கள் நடத்தும் குழம்பு மிளகாய்த்தூள் தொழில். இதற்குத் தனி வங்கிக் கணக்கு, தனி நோட்டு. தொடக்க இருப்பு ₹18,000. மாதம் 60 கிலோ, ஆண்டுக்கு 720 கிலோ, 200 கிராம் பாக்கெட்டாக 3,600.

10 கிலோ தூளுக்கு மூலப்பொருள்: குண்டு மிளகாய் 4.5 கிலோ (₹900), மல்லி 4.5 கிலோ (₹495), துவரம்பருப்பு அரைக் கிலோ (₹75), கடலைப்பருப்பு அரைக் கிலோ (₹50), மிளகு 300 கிராம் (₹240), சீரகம் 400 கிராம் (₹140), வெந்தயம் 100 கிராம் (₹10), விரலி மஞ்சள் 300 கிராம் (₹60). ஆக ₹1,970. எடை 11.1 கிலோ போட்டால் கிடைப்பது 10 கிலோ. காம்பு, காய்ச்சல், மில்லில் ஒட்டுவது என்று 1.1 கிலோ போகும். அதற்கு மேல் குறைந்தால் மிளகாய் ஈரத்தோடு வாங்கப்பட்டிருக்கிறது.

| ஆண்டுக் கணக்கு | ₹ |
|---|---|
| நேரடி விற்பனை 1,800 பாக்கெட் × ₹80 | 1,44,000 |
| கடைகளுக்கு 1,800 பாக்கெட் × ₹70 | 1,26,000 |
| விற்பனை மொத்தம் | 2,70,000 |
| மூலப்பொருள் | 1,41,840 |
| அரவைக் கூலி (கிலோ ₹20) | 14,400 |
| பை, லேபிள் (பாக்கெட் ₹4) | 14,400 |
| வண்டி வாடகை | 7,200 |
| உழைப்புக் கூலி (கிலோ ₹40) | 28,800 |
| இட வாடகை | 12,000 |
| மின்சாரம் | 2,400 |
| சீல் மெஷின் பழுது, தராசு முத்திரை | 2,500 |
| கண்காட்சி, சந்தைக் கடை | 6,000 |
| திரும்பி வரும், கெட்டுப்போகும் சரக்கு | 8,000 |
| உணவுப் பாதுகாப்புப் பதிவு (ஆண்டுக்கு) | 100 |
| குழுக் கடன் வட்டி | 4,225 |
| செலவு மொத்தம் | 2,41,865 |
| லாபம் | 28,135 |

கூலி லாபத்தில் சேராது. வேலை செய்தவருக்கு அந்தந்த வாரமே கொடுக்கப்படும். கூலியைக் கணக்கில் எழுதாமல் விட்டுவிட்டு "அமோக லாபம்" என்று விலையைக் குறைத்த பல தொழில்கள் ஆறே மாதத்தில் ஆளில்லாமல் நின்றிருக்கின்றன.

லாபத்தில் குழுவுக்கு 20% (₹5,627), தொழில் மூலதனத்துக்கு 40% (₹11,254), ஐவருக்கு 40% (தலைக்குச் சுமார் ₹2,250). இது ஏப்ரல் 2026இல் கணக்கு முடித்தபின் தரப்படும், அதனால் மேலே குழு வரவில் சேர்க்கவில்லை.

மிளகாய் ஆண்டுக்கு 324 கிலோ, கிலோ ₹200 வீதம் ₹64,800. அறுவடைச் சமயமான ஏப்ரலிலேயே முழுவதும் வாங்குகிறோம். அக்டோபருக்குப் பிறகு விலை கிலோவுக்கு ₹60 ஏறினால், அப்போது தேவைப்படும் 162 கிலோவுக்கு ₹9,720 கூடுதலாகப் போகும். ஆண்டு முழுவதற்கும் நாம் கட்டும் வட்டியோ ₹4,225தான். ஆனால் ஏப்ரலிலேயே விலை ₹240ஐத் தாண்டினால் ஆறு மாதத்துக்கான 162 கிலோ மட்டும் வாங்கி, மீதிக் கடனை எடுக்காமல் விடுவோம். கிலோவுக்கு ₹10 ஏறினால் ஆண்டு லாபத்தில் ₹3,240 குறையும்.

மூட்டைகள் தரையில் படாமல் பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி. மாதம் ஒரு முறை வெயிலில் காய வைத்து எடுக்க வேண்டும். அக்டோபர் மழைக்கு முன் இது தவறினால் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்ததைப் பொறுக்கிவிட்டு அரைக்கக் கூடாது, மூட்டையோடு கழிக்க வேண்டும்.

கடைகளுக்குக் கடன் 30 நாள். முந்தைய பில் அடையாத கடைக்கு அடுத்த சரக்கு இல்லை. தொழில் கடன் அசல் ஜூன் முதல் மாதம் ₹6,500, பத்துத் தவணை. இந்தப் பணம் ஒரு மாதம் நின்றால் அக்டோபர் உள்கடனைக் குறைக்க வேண்டி வரும், எனவே வசூல் நிலவரத்தை ஒவ்வொரு 25ஆம் தேதியும் கூட்டத்தில் படிக்க வேண்டும். விற்ற ரொக்கத்தைக் குழுச் சேமிப்புப் பெட்டியில் போடுவதும், சேமிப்பிலிருந்து மல்லி வாங்குவதும் தடை.

நிர்வாகச் செலவு ₹10,800

கணக்கு எழுதுபவர் மதிப்பூதியம் ₹3,600, வங்கி மற்றும் கூட்டமைப்புப் பயணம் ₹3,000, தணிக்கை ₹1,500, பதிவேடு, எழுதுபொருள் ₹1,200, ஊராட்சி அளவிலான கூட்டமைப்புச் சந்தா ₹1,200, வங்கிக் கட்டணம் ₹300. பயணச் சீட்டு இல்லாத செலவு ₹50க்கு மேல் ஏற்கப்படாது.

தீர்மானம்

இத்திட்டம் 25 மார்ச் 2025 கூட்டத்தில் வந்திருந்த 13 உறுப்பினர்களால் ஏற்கப்பட்டது. வராத ஒருவருக்கு ஊக்குநர் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். 10 செப்டம்பர் கூட்டத்தில், விதைப்புக் கடன் வழங்கும் முன், ஐந்து மாத நடப்பு இத்திட்டத்தோடு வரிக்கு வரி ஒப்பிடப்படும். எந்த இனத்திலும் 10%க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அக்டோபர் உள்கடன் தொகை திருத்தப்படும். வங்கிக் காசோலையில் ஊக்குநரும் பிரதிநிதிகளில் ஒருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்து வைக்கக் கூடாது.

ஊக்குநர், முதல் பிரதிநிதி, இரண்டாம் பிரதிநிதி ஆகியோர் கையொப்பமிட்டனர்.