கவுண்டருக்கும் மிஸ்ஸிமாருக்கும்: வரும் திங்கள் முதல் நம்பர் கொடுக்கும் முறை

சுங்கை சிப்புட் கிளினிக்

காலையில் பத்து மணிக்கு நம்பர் வாங்கியவர் பதினொன்றரைக்கு உள்ளே வருவதும், எனக்கு மதியச் சாப்பாடு மூன்று மணிக்குக் கிடைப்பதும் இனி வேண்டாம். கீழே உள்ள தாளைக் கவுண்டர் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். நோயாளிக்குத் தெரியும்படி ஒட்டாதீர்கள். காலியாக இருக்கும் நேரத்தைப் பார்த்தால் "அங்கதான் ஆள் இல்லையே, என்னைப் போடும்மா" என்பார்கள்.

ஒரு இடம் என்றால் 15 நிமிடம்.

காலை
8.30 – இரண்டு பேர்
8.45, 9.00, 9.15 – ஒவ்வொருவர்
9.30 – பஃபர்
9.45, 10.00, 10.15 – ஒவ்வொருவர்
10.30 – டாக்டர் ஓய்வு, தேநீர்
10.45, 11.00, 11.15 – ஒவ்வொருவர்
11.30 – பஃபர்
11.45, 12.00, 12.15 – ஒவ்வொருவர்
12.30 – பஃபர்
12.45 முதல் 2.00 வரை – சாப்பாடு

மதியம்
2.00, 2.15 – போனில் பதிந்தவர்கள்
2.30 – நேரில் வருபவர்
2.45 – பஃபர்
3.00, 3.15 – போனில் பதிந்தவர்கள்
3.30 – நேரில் வருபவர்
3.45 – டாக்டர் ஓய்வு
4.00, 4.15 – போனில் பதிந்தவர்கள்
4.30 – நேரில் வருபவர்
4.45 – பஃபர்
5.00 – கடைசி ஆள்
5.15 – பஃபர், 5.30க்குக் கதவு சாத்தல்

காலையில் 14 பேர், மதியம் 10 பேர், மொத்தம் 24. அதற்கு மேல் ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் என்னைக் கேளுங்கள்.

8.30க்கு மட்டும் ஏன் இரண்டு பேர் என்று மூத்த மிஸ்ஸி கேட்டார். முதல் ஆள் தாமதமாக வந்தால் நான் சும்மா உட்கார்ந்திருப்பேன், அந்தத் தாமதம் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே போகும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1952-இல் இங்கிலாந்தில் வெல்ச், பெய்லி என்ற இருவர் மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவுகளைக் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்ன வழி: தொடக்கத்தில் இரண்டு பேர், பிறகு சராசரியாக ஓர் ஆளுக்கு ஆகும் நேர இடைவெளியில் ஒவ்வொருவராக. நம்மிடம் அந்த இருவரில் ஒருவர் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவராக இருக்கட்டும். மிஸ்ஸி ரத்தம் எடுப்பதற்குள் மற்றவரை நான் பார்த்து முடித்துவிடுவேன். அவரும் சீக்கிரம் பசியாறப் போகலாம்.

போன் எடுத்ததும் பெயர், ஐசி நம்பர் கேட்ட கையோடு இன்னொன்றும் கேளுங்கள்: "ஒரு விஷயத்துக்காக வர்றீங்களா, ரெண்டு மூணு இருக்கா?" சாதாரண காய்ச்சலும் இருமலும் ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். சர்க்கரைக்காரர் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்தால் 25 நிமிடம் போகும். எழுந்து கதவுப் பிடியில் கை வைத்த பிறகு "அப்படியே இன்னொண்ணு டாக்டர், நெஞ்சுல லேசா..." என்று தொடங்குகிறார்களே, அவர்களை நான் திருப்பி அனுப்ப மாட்டேன். அனுப்பவும் கூடாது. பஃபரை முக்கியமாக அவர்களுக்காகத்தான் வைத்திருக்கிறேன்.

கட்டு மாற்றுவது, கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன், புதிதாகச் சர்க்கரை தெரிந்தவர், காது மந்தமான வயதானவர்: இவர்களுக்கெல்லாம் அடுத்தடுத்து இரண்டு இடம் எழுதுங்கள். எங்கே எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பஃபருக்கோ ஓய்வுக்கோ முந்தின இரண்டு இடங்கள்தான் அவர்களுக்கு: 9.00–9.15, 10.00–10.15, 11.00–11.15, 12.00–12.15. அங்கே நேரம் கூடினாலும் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தலையில் விழாது. காலையில் இப்படி இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். 8.30க்கு ஒருபோதும் வேண்டாம்.

பஃபர் என்றால் விற்கக்கூடாத இடம். அந்த நேரம் வரும்வரை அதில் பெயர் எழுதாதீர்கள், தெரிந்தவர் கேட்டாலும் சரி, தோட்ட மேனேஜர் வீட்டிலிருந்து போன் வந்தாலும் சரி. நேரம் வந்து, நான் பின்தங்கியிருந்தால் அது எனக்கு. பின்தங்காமல் இருந்தால் மூச்சுத் திணறும் பிள்ளைக்கு நெபுலைசர் வைத்துப் பார்க்க, அல்லது வாசலில் காத்திருப்பவரில் லேசான ஒருவரைப் பார்க்க. யாருமே இல்லையென்றால் லேப் ரிப்போர்ட்டுகளைப் படித்துக் கையெழுத்துப் போடுவேன். வேலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

நெஞ்சுவலி, வலிப்பு, அதிக ரத்தப்போக்கு என்று வந்தால் இந்தத் தாளையே மறந்துவிடுங்கள். நேராக உள்ளே கொண்டு வாருங்கள்.

தேநீர் நேரத்தை நெருக்கடியில் பத்து நிமிடமாகக் குறைக்கலாம், எடுத்துவிட முடியாது. சாப்பாடு எவ்வளவு தள்ளினாலும் 45 நிமிடத்துக்குக் குறையாது. இதை எனக்காக மட்டும் சொல்லவில்லை. மருந்து கொடுக்கும் மிஸ்ஸியும் என்னோடுதான் பட்டினி கிடக்கிறார், பசியில் மருந்து அளவைத் தவறாக எழுதுவது எளிது.

15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அடுத்த நான்கு பேருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள்: "டாக்டர் கால் மணி நேரம் லேட், மெதுவா வாங்க." அரை மணி ஆனால், கட்டாயம் இன்று பார்க்க வேண்டாதவர்களுக்கு மதியமோ மறுநாளோ கொடுங்கள். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுச் சொல்லாதீர்கள், தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்தவருக்குத் திரும்பிப் போக வண்டி இருக்காது. ஒரே வேனில் வரும் குடும்பத்துக்கு அடுத்தடுத்த இடம் கொடுங்கள்.

மதியம் நேரில் வருபவருக்கு மூன்று இடம் விட்டதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். விடியற்காலைப் பெரட்டுக்குப் போன ஆள் வேலை முடிந்துதான் வர முடியும், முதல் நாள் போன் செய்து பதிய மாட்டார். மழை பெய்தால் கதை வேறு. அன்று பால்வெட்டு இல்லை, காலை எட்டுக்கே வாசலில் நிற்பார்கள். காலையில் யாராவது வராமல் போன இடம் இருந்தால், மதியம் பதிந்த வெட்டுக்காரர்களைக் கூப்பிட்டு அதில் போடுங்கள். பத்து நிமிடம் தாமதித்தும் வராதவர் இடம் காலி என்று எடுத்துக்கொள்ளலாம்.

சட்டப்படி மாதச் சம்பளம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். ஆகவே 7 முதல் 10 வரை கூட்டம் கூடும். அந்த நாட்களில் ஸ்கேன் போன்ற நீண்ட வேலைகளைப் பதியாதீர்கள், அவசரமானதைத் தவிர.

வெளிநாட்டுத் தொழிலாளர்களின் ஃபோமிமா பரிசோதனை செவ்வாய், வியாழன் 12.00 மணிக்கு மட்டும், ஒருவருக்கு இரண்டு இடம். குத்தகைக்காரர் வேனில் பத்துப் பேரை இறக்கினாலும் அன்று ஒருவர்தான். பாஸ்போர்ட்டைப் பார்த்து ஆள் அவர்தான் என்று நானே உறுதி செய்ய வேண்டும், அதை அவசரத்தில் செய்ய மாட்டேன். மீதிப் பேருக்குத் தேதி எழுதி அனுப்புங்கள். எக்ஸ்ரே நம்மிடம் இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை லேப் தம்பி தொழுகைக்குப் போவார், அதனால் 12 மணிக்குப் பிறகு 2.45 வரை ரத்தப் பரிசோதனை பதிய வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் ஒவ்வொருவரும் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் கவுண்டரில் இருக்கும் பச்சை நோட்டில் எழுதுங்கள். எந்தப் பஃபர் எதற்காகச் செலவானது என்று பக்கத்தில் ஒரு சொல் போதும். அதை வைத்துத்தான் 2.45 பஃபரை 3.00க்குத் தள்ளலாமா என்று பார்க்க வேண்டும்.

டாக்டர்