பெற்றோருக்கு அனுப்பும் செய்திகள்: நால்வரும் ஒரே மாதிரி எழுத

பழைய வாட்ஸ்அப் செய்திகள் 140ஐயும் நாம் நான்கு பேர் பிரித்துத் திருத்துகிறோம். எழுதும்போது இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யார் எழுதினாலும் பள்ளி பேசுவதுபோல் இருக்க வேண்டும்.

தொடக்கம்: "வணக்கம். 6ஆம் வகுப்பு ஆ பிரிவுப் பெற்றோருக்கு," அவ்வளவுதான். வகுப்பு முதல் வரியிலேயே வரட்டும், இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் இது யாருக்கு வந்த செய்தி என்று தேட வேண்டியிருக்காது. "அன்பார்ந்த பெற்றோர்களே" வேண்டாம், அது மேடைப் பேச்சு. இரங்கல் செய்திக்கு மட்டும் வணக்கமும் கிடையாது, கடைசியில் நன்றியும் கிடையாது. நேராக விஷயம், கீழே "பள்ளி அலுவலகம்".

முடிவு: மற்ற எல்லாவற்றுக்கும் "நன்றி. பள்ளி அலுவலகம்." ஃபீஸ் நினைவூட்டலில் "தவறினால்" என்று முடிக்காதீர்கள். பணம் புரட்ட முடியாமல் இருப்பவருக்கு அந்த ஒரு சொல் போதும், மனம் நொந்துபோகும். "சிரமம் இருந்தால் அலுவலகத்தில் பேசுங்கள்" என்று எழுதுங்கள்.

சொற்கள். "உங்கள் மகன்/மகள்" என்று சாய்கோடு போடாமல் "உங்கள் பிள்ளை". பாட்டி வளர்க்கும் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது பொருந்தும். "தங்கள்" வேண்டாம், "உங்கள்" போதும். வேன் வேன்தான், ஊர்தி என்று மாற்றாதீர்கள். குவார்ட்டர்லி என்பதற்குக் காலாண்டுத் தேர்வு. டி.சி. என்றால்தான் எல்லோருக்கும் தெரியும், அதனால் "மாற்றுச் சான்றிதழ் (டி.சி.)" என்று இரண்டையும் போடுங்கள். ஃபீஸ், பீஸ், கட்டணம் மூன்றும் நம் செய்திகளில் கலந்து கிடக்கின்றன, பழையதைத் தேடினால் பாதிதான் அகப்படுகிறது. இனி எல்லா இடத்திலும் "ஃபீஸ்".

நாள், நேரம்: இதில்தான் அதிகம் தவறுகிறோம். "நாளை" என்று தனியாக எழுதவே கூடாது. போன வருடம் இரவு 9 மணிக்கு "நாளை விடுமுறை" என்று போட்டோம், சிலர் காலையில்தான் பார்த்தார்கள், மறுநாளைக்கு என்று நினைத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள், மழையில் நனைந்தபடி எட்டு பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். தேதி, கிழமை இரண்டும் கட்டாயம்: 14.07.2025, திங்கள், காலை 9.30 மணி.

பழையது: "டியர் பேரண்ட்ஸ், நாளை பி.டி.ஏ மீட்டிங், தங்கள் வருகை கட்டாயம்!!!"

புதியது: "வணக்கம். 6ஆம் வகுப்பு ஆ பிரிவுப் பெற்றோருக்கு, 14.07.2025 திங்கள் காலை 9.30 மணிக்குப் பெற்றோர் கூட்டம். உங்கள் பிள்ளையின் வகுப்பறைக்கே வந்துவிடுங்கள். அன்று வர முடியாதவர்கள் மறுநாள் 15.07.2025 செவ்வாய் மாலை 4 மணிக்கு வரலாம். நன்றி. பள்ளி அலுவலகம்."

ஆச்சரியக்குறி எங்கேயும் வேண்டாம், பொங்கல் வாழ்த்துக்கு ஒன்று போடலாம். இதில் இல்லாத சொல் வந்தால் நீங்களாக முடிவு செய்யாமல் குழுவில் கேளுங்கள், அன்றைக்கே இந்தத் தாளில் சேர்த்துவிடுகிறேன்.