கொல்லைமேடு மூலிகைப் பானம், வரும் வெள்ளிக்கிழமை முதல்

போகியன்று வாசலில் காப்புக் கட்டும்போது பூளைப்பூ, வேப்பிலையோடு சேர்த்துச் செருகுவோமே, அதே ஆவாரம்பூவைத்தான் காயவைத்துப் பாக்கெட் போட்டிருக்கிறோம். பெயர் கொல்லைமேடு. நாங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள், பாரூர் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து விற்பனை.

மூலிகை டீ என்றதும் சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய கஷாயம் நினைவுக்கு வந்து "வேண்டாம்பா" என்று தள்ளிப் போகிறவர்களுக்காகவே இந்தப் பதிவு. ஏற்கெனவே குடித்துப் பழகியவர்களுக்கு நாங்கள் சொல்லித்தர ஒன்றுமில்லை, நேராகக் கடைசி இரண்டு பத்திகளுக்குப் போய் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு மூன்றே வகை. ஆவாரம்பூ, துளசி சுக்கு, எலுமிச்சைப்புல். மூன்றிலும் தேயிலை கிடையாது, அதனால் காஃபீனும் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்குக் குடித்தாலும் டீ குடித்ததுபோலத் தூக்கம் கலையாது. அதே காரணத்தால், காலையில் எழுந்ததும் டீ இல்லாவிட்டால் தலைவலி வருகிற ஆட்கள் இதைக் குடித்தால் தலைவலி போய்விடும் என்று நினைக்க வேண்டாம், போகாது. உங்கள் காலை டீயை விடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை, நாங்களும் விடவில்லை. சாயங்காலம் மூன்றாவது டீ, நான்காவது டீ என்று போகுமே, அந்த இடத்துக்குத்தான் இது.

ஆவாரம்பூவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வேலையில் பாதி அதில்தான் போகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மானாவாரிக் காட்டில் யாரும் விதைக்காமல், தண்ணீர் ஊற்றாமல் வரப்பிலும் ரோட்டோரத்திலும் மஞ்சளாகப் பூத்து நிற்கிற செடி. தோல் பதனிட இதன் பட்டையை எடுத்த காலமும் உண்டு. ரோட்டோரப் பூவை நாங்கள் தொடுவதில்லை, லாரிப் புகையும் புழுதியும் அப்பியிருக்கும். பட்டா நிலத்து வரப்பில், நிலக்காரரிடம் கேட்டு, வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும். பறிக்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள்தான், பச்சைப்பூ எடைக்கு அன்றன்றைக்கே காசு. வீட்டுக்கு வந்ததும் காம்பு, இலை, பிஞ்சுக்காய் எல்லாவற்றையும் கிள்ளி எடுத்துவிட்டு, திண்ணையில் வெள்ளை வேட்டியை விரித்து நிழலில் பரப்புவோம். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் நிறம் வெளுத்துப்போகும், வாசமும் நிற்காது. விரலில் எடுத்து நசுக்கினால் சருகுபோல நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அதைப் பாக்கெட் போட்டால் பத்து நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். கூடை கூடையாக வந்த பூ காய்ந்தபின் ஒரு முறத்துக்குள் அடங்கிவிடும். சந்தையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஒரு கை அள்ளிப் பாருங்கள், அதில் பூ எவ்வளவு, குச்சியும் இலையும் எவ்வளவு என்று.

ருசி எப்படி இருக்கும்? முதலில் லேசான துவர்ப்பு, அப்புறம் வாயில் பச்சைப் பயறு வேகும் வாசம் மாதிரி ஒன்று தங்கும். நிறம் இளமஞ்சள். எல்லோருக்கும் முதல் கப்பிலேயே பிடிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பிடிக்கவில்லையென்றால் ஒரு துண்டு நாட்டு வெல்லமும் இரண்டு ஏலக்காயும் தட்டிப் போடுங்கள், வேறு ஆளாகிவிடும். பால் மட்டும் ஊற்றாதீர்கள், எங்களுக்கு அது சரிப்படவில்லை.

துளசி சுக்கு பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொஞ்சம் காரம், மழைநாளில் நன்றாக இருக்கும், இதற்குப் பால் ஊற்றலாம். சுக்கு எங்கள் ஊர் விளைச்சல் இல்லை, தர்மபுரியில் மொத்தக்கடையில் வாங்கித் தோல் சீவி இடிக்கிறோம். எலுமிச்சைப்புல் எங்கள் கிணற்றடியில் வளர்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள், குறிப்பாக வீட்டில் காலேஜ் போகிற பிள்ளைகள் இருந்தால், இதில் தொடங்குங்கள், வாசமே பாதி வேலையைச் செய்துவிடும்.

போடும் முறை சுலபம். ஒரு கப் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 2 கிராம் போட்டு மூடி வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். டீத்தூள்போலப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டால் ஆவாரம்பூ கசக்கும், எலுமிச்சைப்புல்லின் வாசம் ஆவியோடு போய்விடும். சுக்கு உள்ளதை மட்டும் இரண்டு நிமிடம் கொதிக்கவிடலாம்.

இப்போது முக்கியமான விஷயம். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை பாக்கெட்டில் போடச் சொல்லி நண்பர்கள் எல்லோரும் கேட்டார்கள். போடவில்லை. இது மருந்து இல்லை, குடிக்கிற பானம். சர்க்கரை குறையும், உடம்பு இளைக்கும் என்றெல்லாம் நாங்கள் சொல்லப்போவதில்லை, அப்படி யாராவது எங்கள் பெயரைச் சொல்லி விற்றால் எங்களிடம் சொல்லுங்கள். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமல் இருப்பதற்கோ மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கிறேன் என்று தயவுசெய்து யாரும் இறங்க வேண்டாம். ஆவாரை, பேதிக்குக் கொடுக்கிற நிலாவாரைக்குச் சொந்தக்காரச் செடி, அளவுக்கு மீறிக் குடித்தால் வயிறு இளகும். நாளுக்கு ஒரு கப், அதிகம் போனால் இரண்டு.

விலைக்கு வருவோம். 50 கிராம் பாக்கெட் ஆவாரம்பூ 120 ரூபாய், துளசி சுக்கு 110, எலுமிச்சைப்புல் 100. ஒரு பாக்கெட்டில் 25 கப் வரும், ஆக எதை எடுத்தாலும் ஒரு கப் 5 ரூபாய்க்குள். ஆனால் முதல் தடவை வாங்குகிறவர்கள் பெரிய பாக்கெட்டுக்குப் போகாதீர்கள். மூன்றிலும் 20 கிராம் வீதம் போட்ட அறிமுகப் பெட்டி ஒன்று 150 ரூபாய்க்கு வைத்திருக்கிறோம், அதை வாங்கிக் குடித்துப் பார்த்து எது ஒத்துப்போகிறதோ அதை அப்புறம் வாங்குங்கள். பாக்கெட் போட்ட தேதியும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் பின்பக்கம் அச்சிட்டிருக்கும். பிரித்ததும் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி மூடிவையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம்.

வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கத்துக்கே ஒரு மெசேஜ் போடுங்கள். பெயர், முழு முகவரி, பின்கோடு, எந்தப் பாக்கெட் எத்தனை என்று எழுதினால் போதும், பணம் செலுத்த க்யூஆர் கோடு அனுப்புகிறோம். தமிழ்நாட்டுக்கும் பெங்களூருக்கும் கூரியர் 50 ரூபாய், 500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அது எங்கள் செலவு. கிழிந்தோ ஈரம் பட்டோ வந்து சேர்ந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள், வேறு அனுப்பிவிடுவோம். போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் கூரியருக்குக் காசு கொடுக்க வேண்டாம், ஞாயிறுதோறும் வண்டியில் வருகிறோம், முன்கூட்டிச் சொன்னால் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். முதல் தவணையில் ஆவாரம்பூ குறைவாகத்தான் இருக்கிறது, தீர்ந்துவிட்டால் அடுத்த பறிப்பு காய்ந்து வரும்வரை மற்ற இரண்டும்தான் கிடைக்கும்.