முப்பது விநாடி விளம்பரம், டெஃப்லான் டேப்: திருத்திய பிரதி

நீங்கள் அனுப்பிய பிரதியில் பேச்சு மட்டும் 110 சொற்கள். நிதானமாகப் பேசினால் ஐம்பது விநாடிக்குக் குறையாது. முதல் ஒன்பது விநாடி வணக்கத்துக்கும் கடைப் பெருமைக்கும் போய்விடுகிறது, டேப் கையில் வருவதற்குள் பாதிப் படம் முடிந்துவிடுகிறது. இந்தத் திருத்திய பிரதியில் பேச்சு 51 சொற்கள். வணக்கம் இல்லை. கடையின் பெயர் கடைசிக் காட்சியில் பலகையிலேயே தெரிகிறது, வாயால் சொல்ல வேண்டாம்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பழைய பிரதியில் குழாயின் வாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, டேப் சுற்றியதும் நின்றுவிடுகிறது. அப்படி நடக்காது. வாய் சொட்டுவது உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்ததால். டேப் அடைப்பது மரை இணைப்பை மட்டும்தான். அந்தப் படத்தைப் பார்த்து வாங்கிப் போகிறவர் மறுநாள் சண்டைக்கு வருவார். அதனால் ஒழுக்கை இணைப்புக்கு மாற்றியிருக்கிறேன். வாஷர் விஷயம் கடைசி வரியில் ஒரு விற்பனையாகவே வந்துவிடுகிறது.

காட்சி 1 (0–3 விநாடி)
குழாயும் எல்போவும் சேரும் இடம், மிக நெருக்கத்தில். கைப்பிடி மூடிய நிலையில் தெரிய வேண்டும். இணைப்பிலிருந்து சொட்டு இறங்குகிறது. சொட்டும் ஓசை அப்படியே இருக்கட்டும், இசை வேண்டாம்.
பேச்சு: "குழாய மூடியாச்சு. இருந்தாலும் இணைப்புல ஒழுகுது."

காட்சி 2 (3–7)
கழற்றிய குழாய் கையில். மரைக்குள் ஒட்டியிருக்கும் பழைய டேப்பை நகத்தாலும் பழைய பல் துலக்கும் பிரஷாலும் எடுக்கிறீர்கள்.
பேச்சு: "கழட்டி, மரையில இருக்குற பழைய டேப்ப சுத்தமா எடுங்க."
திரையில்: முதலில் வால்வை மூடவும்

காட்சி 3 (7–16)
இதுதான் விளம்பரத்தின் உயிர், வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். இடது கையில் குழாய், மரை முனை உங்கள் பக்கம். வலது கையில் டேப். டேப் மரைக்குள் பதிந்து, புரிகளின் வடிவம் மேலே தெரிய வேண்டும். ஐந்தாவது சுற்று முடிந்ததும் வெட்டாமல் இழுத்தே அறுத்து, விரலால் ஒரு முறை தேய்த்துவிடுங்கள்.
பேச்சு: "மரை முனை உங்களப் பார்த்து இருக்கட்டும். முதல் மரையை விடுங்க. கடிகார முள் சுத்துற பக்கமா, இழுத்துப் பிடிச்சு, அஞ்சு சுத்து."
திரையில்: வளைந்த அம்பு, பக்கத்தில் 5 சுற்று

காட்சி 4 (16–20)
எதிர்ப்பக்கம் சுற்றிய இன்னொரு குழாயை எல்போவில் முறுக்குகிறீர்கள். டேப் சுருண்டு விளிம்பில் பிதுங்குகிறது.
பேச்சு: "மாத்திச் சுத்தினா, முறுக்கும்போதே டேப் சுருண்டு வெளிய வந்துரும்."
திரையில்: சிவப்புப் பெருக்கல் குறி

காட்சி 5 (20–25)
ஸ்பேனரால் கடைசி அரைச் சுற்று. வால்வைத் திறக்கும் கை. இணைப்பின் அடியில் பழுப்புக் காகிதத்தை ஒற்றி எடுத்து கேமராவிடம் காட்டுகிறீர்கள்.
பேச்சு: "இறுக்கியாச்சு. தண்ணி வந்தாச்சு. காகிதம் நனையல."

காட்சி 6 (25–30)
கடைப் பலகை பின்னால், டேப் சுருள் முன்னால் உங்கள் உள்ளங்கையில். பேச்சு முடிந்த பிறகும் ஒரு விநாடி அப்படியே நில்லுங்கள்.
பேச்சு: "டெஃப்லான் டேப், நம்ம கடையில. குழாய் வாய் சொட்டினா டேப் வேண்டாம், வாஷர் கேளுங்க."

படம் எடுக்கும்போது

சுவரில் பதித்த குழாயை வைத்து எடுக்க வேண்டாம். ஒரு பலகையில் அரை அங்குலப் பித்தளை எல்போவைப் பொருத்தி, பின்னால் வால்வோடு ஹோஸ் பைப் இணைத்துக்கொண்டால் மேஜைமேலேயே வேலை முடியும். ஒரே மாதிரி பித்தளைக் குழாய் இரண்டு வேண்டும், டேப் 12 மில்லிமீட்டர் அகலம். பிளாஸ்டிக் எல்போவைத் தவிர்த்துவிடுங்கள். நாலைந்து முறை கழற்றி மாட்டினால் மரை தேய்ந்துவிடும், டேப் கனமாகி அழுத்தி முறுக்கினால் வெடித்தும் போகும்.

முதல் காட்சியின் ஒழுக்கு பொய்யாக இருக்கக் கூடாது. எதிர்ப்பக்கம் ஒரே சுற்று டேப் போட்டு, காட்சி 5-இல் இறுக்கும் அதே அளவு இறுக்குங்கள். அநேகமாக அதுவே ஒழுகும். ஒழுகாவிட்டால் டேப்பே இல்லாமல் மாட்டிப் பாருங்கள். குழாயைத் தளர்த்திவிட்டு ஒழுகவைப்பது மட்டும் வேண்டாம். பிளம்பர் ஒருவர் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார், நம் வாடிக்கையாளரில் பாதிப் பேர் பிளம்பர்கள்தான்.

செல்ஃபி கேமராவால் எடுக்கவே கூடாது. பல போன்களில் அது கண்ணாடிபோல் இடவலம் மாற்றிப் பதியும். நீங்கள் சரியாகச் சுற்றியிருந்தாலும் திரையில் எதிர்ப்பக்கம் சுற்றுவதாகத் தெரியும், பார்த்தவர் அப்படியே செய்து ஏமாறுவார். பின்கேமராவை உங்கள் தோளுக்கு மேலிருந்து, மரை முனையை நேராகப் பார்க்கும்படி வையுங்கள். எதிரே வைத்தாலும் அதே குழப்பம்தான்.

வெள்ளை டேப் வெள்ளைப் பின்னணியில் காணாமல் போகும். பலகைக்கு அடர்நீலத் துணி போர்த்துங்கள். சொட்டு மின்ன வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டில், சற்றுப் பின்னாலிருந்து வரட்டும். ஜன்னல் வெளிச்சம் போதும். மலிவான எல்இடி விளக்குகள் படத்தில் துடிக்கும். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் கை தெளிவாகி மரை மங்கும்.

காகிதம் பழுப்பாகவே இருக்கட்டும். ஈரம் பட்டால் அந்த இடம் சட்டெனக் கருக்கும், வெள்ளைத் தாளில் அது தெரியாது. ஒற்றுவதற்கு முன் இணைப்பைத் துணியால் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது சிந்திய துளி ஒன்று மிச்சமிருந்தால் நல்ல இணைப்பும் ஒழுகுவதாகத் தெரியும்.

காட்சி 5-ஐ முன்கூட்டி இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். குழாயின் வாய் கீழ்நோக்கி வந்து நிற்க வேண்டும். தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பிச் சரிசெய்யக் கூடாது, அடைத்த டேப் பிரிந்து அங்கேயே ஒழுகும். கழற்றி, டேப்பைச் சுரண்டி எடுத்து, புதிதாகச் சுற்றித்தான் மறுபடி எடுக்க வேண்டும்.

செங்குத்தாக, 1080 × 1920 அளவில் எடுங்கள். திரை எழுத்துகள் நடுவுக்கு மேலே வரட்டும், கீழ்ப்பகுதியை ஆப்பின் பட்டன்கள் மறைக்கும். ஓசையை அணைத்துவிட்டுப் பார்ப்பவர் அதிகம். அவருக்கு அம்பும் 5 என்ற எண்ணும் பெருக்கல் குறியும் போதும். முடிந்ததும் ஒருமுறை சத்தமில்லாமல் ஓடவிட்டு, கடையில் வேலை செய்யும் பையனிடம் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று கேளுங்கள். அவன் தடுமாறினால் காட்சி 3-ஐ மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

வாஷர் கேட்டு வருகிறவரிடம் கைப்பிடி கால் சுற்றிலேயே திறக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியென்றால் பெரும்பாலும் உள்ளே இருப்பது கார்ட்ரிட்ஜ், பழையதைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். முப்பது விநாடிக்குள் அதைச் சொல்ல இடமில்லை.