தாம்பரத்திலிருந்து சென்னை விமான நிலையத்திற்கு ஆட்டோ: திருத்திய அறிவிப்பு

‘நியாயமான கட்டணம், எந்நேரமும் அழைக்கலாம்’ என்று சென்ற வாரம் நான் எழுதியதைப் படித்தவர்களில் பலர் கட்டணம் எவ்வளவு என்றே மறுபடியும் கேட்டதால், விவரங்களை இங்கே முழுமையாகத் தருகிறேன்.

மேற்குத் தாம்பரத்திலிருந்து விமான நிலையத்திற்கு 280 ரூபாய், குரோம்பேட்டையிலிருந்து 180 ரூபாய், பல்லாவரத்திலிருந்து 130 ரூபாய். இது ஆள் கணக்கில் அல்ல, வண்டிக்கான மொத்தக் கட்டணம். மழையானாலும் நெரிசலானாலும் மாறாது. இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை மட்டும் இதில் பாதித் தொகை கூடும். அதாவது தாம்பரத்திலிருந்து 420 ரூபாய் ஆகும். உங்கள் வாசலில் 10 நிமிடம் இலவசமாகக் காத்திருப்பேன். அதற்கு மேல் ஒவ்வொரு 10 நிமிடத்திற்கும் 20 ரூபாய்.

அதிகாலை 3 மணி முதல் பகல் 11 மணி வரையும், மாலை 5 மணி முதல் இரவு 12 மணி வரையும் வண்டி ஓட்டுகிறேன். ஞாயிறு மாலை விடுமுறை.

முன்பதிவுக்கு, இந்தச் செய்தி வந்த எண்ணுக்கே புறப்படும் நேரம், வீட்டு முகவரி, ஆட்களின் எண்ணிக்கை, பெட்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் குறைந்தது 6 மணி நேரம் முன்னதாக அனுப்புங்கள். ஓட்டும்போது அழைப்பை எடுப்பதில்லை. ‘உறுதி’ என்று நான் பதில் அனுப்பிய பிறகே பதிவு முடிந்ததாகக் கொள்ளவும். முன்பணம் வேண்டாம், இறங்கும்போது ரொக்கமாகவோ ஜிபேயிலோ தரலாம்.

மூன்று பேருக்கு இரண்டு பெரிய பெட்டிகள் வரைதான் இடமிருக்கும். அதற்கு மேலிருந்தால் கார் எடுப்பதே நல்லது. ஊர் திரும்புவோரை, விமான நிலையத்திற்கு எதிரிலுள்ள திரிசூலம் ரயில் நிலையத்தின் அருகே இதே கட்டணத்தில் ஏற்றிக்கொள்கிறேன்.