06 மார்ச் 2026, வெள்ளி: கோவை டெஸ்டிங் ஹேண்டோவர், பில்ட் 4.12.0-rc3 – நாளைய ரிலீஸ் பற்றி இன்றே முடிவு வேண்டும்

பெறுநர்: ரமணன், சுகந்தி (டொராண்டோ)
நகல்: பிரகாஷ், நசீமா, அருள் (கோவை)
அனுப்பும் நேரம்: இந்திய நேரம் மாலை 7.15, டொராண்டோ காலை 8.45

ரமணன் அண்ணா, சுகந்தி, வணக்கம்.

முதலில் அவசரமான விஷயம். 4.12-ஐ இப்போதிருக்கும் நிலையில் நாளை இரவு வெளியிட வேண்டாம் என்பது எங்கள் குழுவின் கருத்து. புக்கிங் நேரம் தவறாகச் சேமிக்கப்படுகிறது. டிக்கெட் `APT-2231`, தீவிரம் பிளாக்கர். 9 மணி கூட்டத்தில் இதை மட்டும் முதலில் பேசிவிடலாம். மற்றதெல்லாம் திங்கள் வரை காத்திருக்கும்.

நடப்பது இதுதான். நோயாளி ஒருவர் வரும் திங்கள், மார்ச் 9, காலை 9 மணிக்கு டொராண்டோ கிளினிக் ஒன்றில் நேரம் பதிகிறார். ஞாயிறு அதிகாலை உங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளப்படுவதால், திங்கள் காலை 9 மணி என்பது 13:00 யுடிசி. சர்வர் 14:00 என்று எழுதுகிறது.

```
POST /api/v2/appointments
  "clinicId": "TOR-014"
  "localTime": "2026-03-09T09:00"

stored:    2026-03-09T14:00:00Z
expected:  2026-03-09T13:00:00Z
```

கிளினிக் முன்மேசைத் திரை அதே தவறான கணக்கைத் திருப்பிப் போடுவதால் அங்கே 9:00 என்றே தெரிகிறது. நினைவூட்டல் சர்வீஸ் சரியான நேர மண்டலத்தைப் பயன்படுத்துவதால் எஸ்எம்எஸ்ஸில் 10:00 என்று போகிறது. மேசையில் இருப்பவருக்கு எதுவும் தப்பாகத் தெரியாது. நோயாளி ஒரு மணி நேரம் தாமதமாக வந்து நிற்கும்போதுதான் தெரியும். அதுவும் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வருபவர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருபவர் என்று யாராகவும் இருக்கலாம். இரண்டு திரைகளின் ஸ்க்ரீன்ஷாட்டையும் டிக்கெட்டில் அருகருகே இணைத்திருக்கிறோம். தயவுசெய்து இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சரியாகவே தோன்றும்.

இது கடிகார மாற்றத்தால் மட்டும் வரும் சிக்கல் என்றுதான் மதியம் வரை நினைத்தோம். நசீமா ரெஜைனா கிளினிக்குகளைச் சோதித்தபோதுதான் முழு விஷயமும் பிடிபட்டது. சஸ்காச்சுவானின் பெரும்பகுதியைப் போலவே ரெஜைனாவிலும் கடிகாரம் மாற்றுவதில்லை, ஆண்டு முழுக்க யுடிசியிலிருந்து 6 மணி நேரம் பின்னால். அங்கே காலை 9 மணி என்றால் 15:00 யுடிசி ஆக வேண்டும். அதற்கும் 14:00 என்றுதான் பதிவாகிறது. அதாவது ரெஜைனா நோயாளிக்கு 8:00 என்று எஸ்எம்எஸ் போகிறது, அதுவும் மார்ச் 9-க்கு மட்டுமல்ல, எந்தத் தேதிக்கும். ஆகவே, "ஞாயிற்றுக்கிழமை தாண்டட்டும், திங்கள் ரிலீஸ் செய்யலாம்" என்றால் தீராது. டொராண்டோவுக்கு நவம்பர் 1 வரை தவறு இருக்கும், ரெஜைனாவுக்கு எப்போதுமே இருக்கும்.

கோடைப் படிக்கும் அனுமதி எங்களுக்கு இருப்பதால் பிரகாஷ் பார்த்தார். `SlotConverter`-இல் இந்த வரி புதிதாக வந்திருக்கிறது:

```java
return local.toInstant(ZoneOffset.ofHours(-5));
```

4.11-இல் இது இல்லை. அதே சோதனைகளை 4.11 பில்டில் ஓட்டினோம், டொராண்டோவும் ரெஜைனாவும் சரியாகவே வருகின்றன. திருத்தம் டெவலப்பர்கள் வேலை, ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம்: அவசரத்தில் `America/Toronto` என்று நேரடியாக எழுதிவிட்டால் டொராண்டோ சரியாகிவிடும், ரெஜைனா அப்படியே உடைந்து கிடக்கும். கிளினிக் அட்டவணையில் `timezone` என்ற பத்தி ஏற்கெனவே இருக்கிறது, நினைவூட்டல் சர்வீஸ் அதைத்தான் படிக்கிறது. இதுவும் அங்கிருந்தே எடுக்க வேண்டும்:

```java
return local.atZone(ZoneId.of(clinic.getTimezone()))
            .toInstant();
```

இதை மைக்கேலுக்கு டிக்கெட்டில் ஆங்கிலத்தில் விளக்கமாக எழுதியாயிற்று, மறுபடி யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்.

"வெளியிட்டுவிட்டு ஹாட்ஃபிக்ஸ் போடலாமே" என்ற கேள்வி அங்கே வரும் என்று தெரியும். ரமணன் அண்ணா, அதற்கு எங்கள் பதில் இது. 4.12 ஓடும் நேரத்தில் பதிவான புக்கிங்குகள் தவறான நேரத்தோடு டேட்டாபேஸில் உட்கார்ந்துவிடும். எந்தப் பதிவு எந்த வெர்ஷனில் வந்தது என்று சொல்ல அந்த அட்டவணையில் ஒரு பத்தியும் இல்லை. பழைய பதிவுகள் சரி, புதியவை தவறு, இரண்டும் கலந்து கிடக்கும். `created_at` வைத்துப் பிரிக்கலாம் என்றாலும், 4.12-இல் யாராவது பழைய புக்கிங்கை வேறு நேரத்துக்கு மாற்றியிருந்தால் அது பழைய தேதியோடு தவறான நேரத்தைச் சுமந்திருக்கும். ரோல்பேக் செய்தால் கோடு திரும்பும், டேட்டா திரும்பாது. ஏற்கெனவே போன எஸ்எம்எஸ்ஸும் திரும்பாது. ஸ்டேஜிங்கில் இதைச் செய்து பார்த்தே சொல்கிறோம்: 4.12-இல் பதிந்ததை 4.11-க்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் முன்மேசைத் திரையிலும் 10:00 என்று வருகிறது.

நேரக் கணக்கு இப்படி. உங்கள் ரிலீஸ் சனி இரவு 10 மணி, எங்களுக்கு ஞாயிறு காலை 8.30. இன்று நாங்கள் உங்கள் பகல் 12 மணி வரை இருப்போம். 11 மணிக்குள் திருத்திய பில்ட் ஸ்டேஜிங்கில் ஏறினால், தோல்வியடைந்த கேஸ்களை இன்றிரவே ஓட்டிவிடுவோம். முடியாவிட்டால் உங்கள் வெள்ளி இரவு 9.30-க்குள் ஏற்றுங்கள், எங்களுக்கு அது சனி காலை 8 மணி. அருளும் நசீமாவும் சனிக்கிழமை வருகிறோம் என்று தாங்களாகவே சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சனி காலை எழும்போது முடிவு மெயிலில் இருக்கும். அதற்கும் பிந்தினால் முழுதாகச் சோதிக்க நேரம் போதாது, அப்போது ரிலீஸைத் தள்ளி வைக்கத்தான் சொல்வோம். சரி, இதில் எது என்பதை மட்டும் கூட்டத்தில் முடிவாகச் சொல்லிவிடுங்கள்.

இனி மற்றவை.

ரிக்ரஷனில் 212 கேஸ்களில் 187 ஓடிவிட்டன. 171 பாஸ், 9 ஃபெயில், 7 பிளாக்ட், 25 இன்னும் தொடவில்லை. ஃபெயில் ஆன 9-இல் 6 மேலே சொன்ன நேரச் சிக்கலேதான். இரண்டு பிரெஞ்சுத் திரையில்: 360 பிக்சல் அகல ஃபோனில் `Confirmer le rendez-vous` பட்டன் எழுத்து பாதியில் வெட்டுப்படுகிறது, ரத்து செய்யும் திரையிலும் அப்படியே. அழுத்தினால் வேலை செய்கிறது, ஆகவே ரிலீஸைத் தடுக்காது. மீதி ஒன்று நமக்குத் தெரிந்த பழைய பிடிஎஃப் பிரச்சினை, 4.13-க்கு ஒதுக்கியது.

பிளாக் ஆன 7-க்கும் காரணம் ஒன்றே: எஸ்எம்எஸ் சோதனைக் கணக்கின் தினசரி வரம்பு எங்கள் பிற்பகல் 3.40-க்கு முடிந்துவிட்டது. அங்கே அதிகாலை 5.10, எழுப்ப யாரும் இல்லை. சுகந்தி, நீங்கள் கிளம்பும் முன் அந்த வரம்பை உயர்த்திவிட்டால் போதும். இல்லாவிட்டால் சனிக்கிழமை வருபவர்கள் நினைவூட்டல் கேஸ்களைத் தொடவே முடியாது. இந்த ரிலீஸில் முக்கியமானவையே அவைதான்.

நேற்று நீங்கள் கேட்டிருந்த ஆண்ட்ராய்ட் 9 கிராஷ் (`APT-2217`) rc3-இல் வரவில்லை. உண்மையான சாம்சங் ஃபோனிலும் எமுலேட்டரிலும் பார்த்துவிட்டு மூடிவிட்டோம். `APT-2209`-ஐ மட்டும் திரும்பத் திறந்திருக்கிறோம். முதல் தடவை தேதி மாற்றினால் சரியாக இருக்கிறது, அதே புக்கிங்கை இரண்டாம் தடவை மாற்றும்போது பழைய நேரத்துக்கும் ஒரு எஸ்எம்எஸ் போகிறது. லாக் இணைத்திருக்கிறோம். இதையும் மைக்கேல் பார்க்கட்டும், ஆனால் `APT-2231`-க்கு அப்புறம்.

கடிகார மாற்றத்தால் நம் வேலை நேரத்தில் வரும் மாற்றங்களையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதுவரை பத்தரை மணி நேர வித்தியாசம், ஞாயிறு முதல் ஒன்பதரை. உங்கள் காலை 9 மணிக் கூட்டம் திங்கள் முதல் எங்களுக்கு 7.30-க்குப் பதில் 6.30. அழைப்பு டொராண்டோ நேரத்தில் போட்டிருப்பதால் தானாகவே நகர்ந்துவிட்டது, நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம். இங்கே இரவு கேப் நேரத்தை நான் மாற்றச் சொல்லிவிட்டேன்.

இரவு பில்ட் பற்றித்தான் ஒரு சந்தேகம். இப்போது உங்கள் இரவு 9 மணிக்கு ஓடி, எங்களுக்கு 7.30-க்குக் கிடைக்கிறது. அந்த கிரான் டொராண்டோ நேரத்தில் இருந்தால் திங்கள் இரவு ஓடுவது எங்களுக்குச் செவ்வாய் காலை 6.30-க்கே வந்துவிடும், யுடிசியில் இருந்தால் அதே 7.30. எது என்று தெரிந்தால் காலை ஸ்மோக் டெஸ்டை யார் தொடங்குவது என்று ஷிஃப்ட் போட்டுவிடலாம். கூடவே, ஸ்டேஜிங் டேட்டாபேஸ் பேக்கப் அதிகாலை 2.30-க்கு ஓடுவதாக ரன்புக்கில் இருக்கிறது. உள்ளூர் நேரம் என்றால் ஞாயிறன்று அப்படி ஒரு நேரமே கிடையாது, 2 மணி ஆனதும் நேராக 3. பேக்கப் ஓடியதா என்று ஞாயிறு ஒருமுறை யாராவது பார்த்துவிட்டால் நல்லது.

இன்று எங்களுக்கு உங்களிடமிருந்து வேண்டியவை:

1. நாளைய ரிலீஸ் பற்றிய முடிவு – ரமணன் அண்ணா, 9 மணிக் கூட்டத்தில்.
2. எஸ்எம்எஸ் வரம்பு – சுகந்தி, இன்று மாலைக்குள்.
3. இரவு பில்ட் கிரானின் நேர மண்டலம் – யார் சொன்னாலும் சரி, திங்கட்கிழமைக்குள்.

திங்கள் காலை மீதமுள்ள 25 கேஸ்களோடு தொடங்குவோம். அவற்றோடு நியூஃபவுண்ட்லாந்து நேரத்துக்கும் (`America/St_Johns`) புதிதாகக் கேஸ் எழுதுகிறார் நசீமா. அங்கே அரை மணி நேர வித்தியாசம் இருப்பதால் முழு மணியாகக் கணக்குப் போடும் இடம் வேறெங்காவது ஒளிந்திருந்தால் அதில் மாட்டும். அங்கே இப்போது கிளினிக் இல்லை என்றாலும், ஏப்ரலில் சேரப்போவதாக நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது.

இன்று உங்கள் பகல் 12 மணி வரை குழு சேட்டில் இருப்பேன். பில்ட் ஏறியதும் அங்கேயே ஒரு வரி போடுங்கள்.

கார்த்திகா
டெஸ்ட் லீட், கோவை